40 மி.லி. எண்ணெய் எத்தனை கிராம்? ஒரே சமையலுக்கு மூன்று கலோரிக் கணக்குகள்

வாசகி கேள்வி: மேடம், எடை குறைக்க வேண்டும் என்று சொல்லி என் கணவருக்கு டாக்டர் ஓர் உணவு அட்டவணை கொடுத்திருக்கிறார். அதில் எண்ணெய் ஒரு நாளைக்கு 30 கிராம் என்று இருக்கிறது. என்னிடம் இருப்பதோ மி.லி. கோடு போட்ட அளவுக் கோப்பை. இப்போது அவருக்கு ஒரு நாளில் 40 மி.லி. எண்ணெயும் 500 மி.லி. கொழுப்பு எடுக்காத பாலும் போகிறது. எண்ணெய் பாட்டிலில் 100 கிராமுக்கு 900 கலோரி, பால் பாக்கெட்டில் 100 மி.லி.க்கு 64 கலோரி என்று அச்சிட்டிருக்கிறார்கள். 1 மி.லி. என்றால் 1 கிராம் என்று வைத்து நான் கூட்டினால் 680 வருகிறது. அடர்த்தி பார்த்துதான் போட வேண்டும் என்று நாத்தனார் போட்டுக் கொடுத்தார், அதில் 721 வருகிறது. கைபேசிச் செயலியோ 639 என்கிறது. எது சரி? "பால் கனம், எண்ணெய் லேசு, ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும், விடு" என்கிறார் கணவர். அப்புறம், எண்ணெய் தண்ணீரை விட லேசு என்றால் அதில் கலோரியும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்கள் பாட்டிலிலும் பாக்கெட்டிலும் உள்ள எண்களை வைத்துப் போட்டால் சரியான விடை 651. மூன்று பேரும் சொல்லாத எண் இது. ஆனால் செயலியின் 639 தப்பு இல்லை. அது வேறு அட்டவணையிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறது. உங்கள் 680-இல் ஒரு பிழை இருக்கிறது. நாத்தனாரின் 721-இல் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அடர்த்தி பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது சரியான யோசனைதான், அதைப் பயன்படுத்திய இடமும் விதமும்தான் தவறிவிட்டன. அதனால் இதை வைத்து வீட்டில் யாரும் யாரையும் மடக்க வேண்டாம்.

முதலில் அடிப்படையை ஒரு தடவை பார்த்துவிடுவோம். மி.லி. என்பது ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று சொல்கிறது. கிராம் அது எவ்வளவு எடை என்று சொல்கிறது. தண்ணீருக்கு மட்டும் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்துவிட்டதால், எல்லாத் திரவத்துக்கும் அப்படித்தான் என்று நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. 1 மி.லி. இடத்தில் எத்தனை கிராம் அடங்குகிறது என்பதுதான் அடர்த்தி. சமையல் எண்ணெய்களுக்கு இது சாதாரண அறை வெப்பத்தில் 0.91-இலிருந்து 0.92 வரை இருக்கும். எந்த வித்திலிருந்து எடுத்த எண்ணெயானாலும் இதற்குள்தான் வரும், பெரிய வித்தியாசம் இல்லை. பாலுக்கு 1.03. கணக்குக்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

மி.லி. அளவை அடர்த்தியால் பெருக்கினால் கிராம் வரும். உங்கள் 40 மி.லி. எண்ணெயை 0.92 ஆல் பெருக்கினால் 36.8 கிராம். பாட்டிலில் 100 கிராமுக்கு 900 என்பதால் ஒரு கிராமுக்கு 9 கலோரி, 36.8 × 9 = 331. நீங்கள் 40 கிராம் என்று வைத்து 360 போட்டிருக்கிறீர்கள். வித்தியாசம் 29 கலோரி. நாத்தனார் பெருக்குவதற்குப் பதிலாக வகுத்துவிட்டார். 40-ஐ 0.92 ஆல் வகுத்தால் 43.5 கிராம், அதற்கு 391 கலோரி. இப்படி வகுப்பது நிறைய பேருக்கு நடக்கிறது. பெருக்குவதா வகுப்பதா என்று சூத்திரத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளாதீர்கள், விடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். ஆகவே 40 மி.லி. எண்ணெய் 40 கிராமை விடக் குறைவாகத்தான் இருக்க முடியும். அதற்கு மேல் ஓர் எண் வந்தால் திருப்பிப் போட்டுவிட்டோம் என்று அர்த்தம். பாலுக்கு இது தலைகீழ்: கிராம் எண் மி.லி. எண்ணை விடச் சற்று கூடுதலாக வர வேண்டும்.

எண்ணெயை மாற்ற வேண்டும், பாலை ஏன் மாற்றக் கூடாது?

நாத்தனாரின் இரண்டாவது பிழை பாலில். 500 மி.லி. பாலை 1.03 ஆல் பெருக்கி 515 கிராம் என்று எடுத்திருக்கிறார். அதுவரை சரி. 500 மி.லி. பாலின் எடை 515 கிராம்தான். அடுத்து அதை 0.64 ஆல் பெருக்கி 330 கலோரி என்று போட்டார். அங்கேதான் வழுக்கிவிட்டது. உங்கள் பாக்கெட்டில் உள்ள 64 என்பது 100 மி.லி.க்கு. அளந்ததும் மி.லி., லேபிளில் இருப்பதும் மி.லி. நடுவில் கிராமுக்கு வேலையே இல்லை. 5 × 64 = 320, அவ்வளவுதான். நீங்கள் போட்டது இந்த இடத்தில் சரி.

இந்த விஷயத்தில் நான் பார்க்கும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அடர்த்தி என்ற ஒன்று இருக்கிறது என்று தெரியாமல் தவறுகிறவர்களை விட, தெரிந்துகொண்ட பிறகு எல்லா இடத்திலும் அதைப் போட்டுவிடுகிறவர்கள் அதிகம். எண்ணெயில் இது இன்னும் பெரிதாகத் தெரியும். சில பாட்டில்களில் சத்து விவரம் 100 கிராமுக்கு இருக்கும், சிலவற்றில் 100 மி.லி.க்கு இருக்கும். 100 மி.லி.க்கு என்றால் அந்த எண் 820, 828 என்கிற மாதிரி இருக்கும். அதாவது தயாரிப்பாளரே அடர்த்தியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அச்சிட்டிருக்கிறார். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நீங்களும் ஒரு தடவை 0.92 ஆல் பெருக்கினால் 40 மி.லி.க்கு 305 கலோரி என்று வரும். உண்மையில் போவது 331. ஒரே கழிவை இரண்டு தடவை கழித்துக்கொண்ட கதை.

ஆகவே லேபிளில் 900, 64 என்ற எண்களைப் பார்ப்பதற்கு முன்னால், அந்தக் கட்டத்தின் தலைப்பில் எதற்கு என்று போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். 100 கிராமுக்கா, 100 மி.லி.க்கா, இல்லை ஒரு பரிமாறும் அளவுக்கா? நீங்கள் அளந்த அலகும் அதுவும் ஒன்றாக இருந்தால் நேராகப் பெருக்குங்கள். வேறாக இருந்தால் மட்டும் அடர்த்தியைக் கொண்டு வாருங்கள். தலைப்பு கிழிந்துபோயிருந்தால் எண்ணெயில் அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்: 880-க்கு மேல் என்றால் 100 கிராமுக்கு, 810-இலிருந்து 830-க்குள் என்றால் 100 மி.லி.க்கு. பாலில் இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் இரண்டுக்கும் இடையே 2 கலோரிதான் வித்தியாசம். அங்கே தவறினாலும் பெரிய சேதம் இல்லை.

செயலி ஏன் 639 என்றது

உங்கள் செயலி 40 மி.லி. எண்ணெயை 36.8 கிராமாகச் சரியாக மாற்றியிருக்கிறது. ஆனால் கிராமுக்கு 9 என்று போடாமல் 8.84 என்று போட்டிருக்கிறது, அதனால் 325. கொழுப்புக்கு கிராமுக்கு 9 கலோரி என்பது பொதுவான, முழுமையாக்கிய எண். பெரும்பாலான லேபிள்கள் அதையே பின்பற்றுகின்றன. தாவர எண்ணெய்க்கு என்று தனியாகக் கொடுக்கப்பட்ட எண் 8.84. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் எண்ணெய்க்கு 100 கிராமுக்கு 884 என்று பார்ப்பீர்கள். பல செயலிகள் அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றன. பாலுக்கும் அப்படித்தான். அந்தப் பட்டியலில் முழுக் கொழுப்புள்ள பாலுக்கு 100 கிராமுக்கு 61 கலோரி. 515 கிராமுக்கு 314 வருகிறது. இரண்டையும் கூட்டினால் 639.

651-க்கும் 639-க்கும் உள்ள 12 கலோரி வித்தியாசம் பிழை இல்லை, கணக்கு வைக்கும் முறைகளின் வித்தியாசம். எதை வேண்டுமானாலும் பின்பற்றலாம். ஒரு வாரம் லேபிள், அடுத்த வாரம் செயலி என்று மாற்றி மாற்றிப் போட்டால் மட்டும், குறையாத ஒன்று குறைந்த மாதிரி தெரியும்.

எல்லாச் செயலிகளும் உங்களுடையது போல மி.லி.யைச் சரியாக மாற்றும் என்று நம்பிவிடாதீர்கள். பயனாளர்களே உள்ளிட்ட பதிவுகள் நிறைய இருக்கும். அவற்றில் மி.லி.யும் கிராமும் ஒன்றாகவே கிடக்கும். சோதித்துப் பார்ப்பது சுலபம். நீங்கள் தேர்ந்தெடுத்த எண்ணெய்ப் பதிவில் அளவை 100 மி.லி. என்று கொடுங்கள். 810-இலிருந்து 830-க்குள் காட்டினால் அது அடர்த்தி பார்த்து மாற்றுகிறது. 884 அல்லது 900 என்று காட்டினால் அது மி.லி.யைக் கிராமாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பதிவில் நீங்கள் கிராமாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். பாட்டிலைப் பார்த்து நீங்களே புதிதாக ஒரு பதிவை உருவாக்கினாலும் இந்தச் சோதனையை ஒரு தடவை செய்துவிடுங்கள். 100 கிராமுக்கு என்று பதிந்துவிட்டு, தினமும் மி.லி.யில் எழுதிக்கொண்டு போவது சாதாரணமாக நடக்கிறது.

பாலும் எண்ணெயும் ஈடுகட்டிக்கொள்ளுமா?

உங்கள் கணவர் சொல்வதில் திசை சரி. எண்ணெயில் கிராமைக் கூடுதலாகக் கணக்கிட்டுவிடுகிறோம், பாலில் குறைவாகக் கணக்கிட்டுவிடுகிறோம். ஆனால் அளவு பொருந்தவில்லை. உங்கள் பால் பாக்கெட்டில் 100 மி.லி.க்குத்தான் போட்டிருக்கிறது, ஆகவே உங்கள் கணக்கில் பாலில் பிழையே இல்லை. ஈடுகட்ட அங்கே எதுவும் இல்லை. சரி, பாக்கெட்டில் 100 கிராமுக்கு 62 என்று போட்டிருந்ததாக வைத்துக்கொள்வோம். 500 மி.லி.யை 500 கிராம் என்று எடுத்தால் 310, உண்மையான 515 கிராமுக்கு 319. பாலில் குறைந்தது 9, எண்ணெயில் கூடியது 29. இந்த 29-ஐ ஈடுகட்ட அவர் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் பால் குடிக்க வேண்டியிருக்கும்!

காரணம் எளிது. எண்ணெயின் அடர்த்தி தண்ணீரிலிருந்து 8 சதவீதம் விலகியிருக்கிறது, பாலின் அடர்த்தி 3 சதவீதம்தான். அதோடு எண்ணெயில் ஒரு கிராம் தவறினால் 9 கலோரி தவறுகிறது, பாலில் ஒரு கிராம் தவறினால் அரைக் கலோரிக்குச் சற்று மேல்தான் தவறும். பாலில் மி.லி.யையும் கிராமையும் ஒன்றாக வைத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொன்னால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். எண்ணெயில் விட மாட்டேன். பாலைக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்துக் கெட்டியாக்கிய டின் பாலை உபயோகிக்கிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அதன் அடர்த்தி ஏறக்குறைய 1.3. கோப்பையில் 100 மி.லி. ஊற்றினால் 130 கிராம் போய்விடும். அதைப் பாலின் கணக்கில் போடக் கூடாது.

லேசான எண்ணெயில் கலோரியும் குறைவாக இருக்க வேண்டாமா என்ற உங்கள் கேள்விக்கும் பாலிலேயே விடை இருக்கிறது. கொழுப்பு நீக்கிய பாலின் அடர்த்தி 1.035 அளவுக்கு இருக்கும், 100 கிராமுக்கு 35 கலோரிக்குப் பக்கம். கொழுப்பு எடுக்காத பால் 1.03, கலோரி அறுபதுக்கு மேல். கெட்டியான கிரீம் தண்ணீரின் அடர்த்திக்குப் பக்கத்தில் வந்துவிடும், கலோரி முந்நூறைத் தாண்டிவிடும். அடர்த்தி குறையக் குறைய இங்கே கலோரி ஏறுகிறது. கொழுப்பு தண்ணீரை விட லேசு, ஆனால் சக்தி நிறைந்தது. தண்ணீர் கனம், அதில் கலோரியே இல்லை. பாலைக் கனமாக்குவது அதில் கரைந்திருக்கும் பால் சர்க்கரை, புரதம், உப்புகள். அதற்காக லேசாக இருப்பதெல்லாம் கலோரி அதிகம் என்று திருப்பியும் எடுத்துக்கொள்ள முடியாது. இப்போது சொன்ன டின் பால் கனமும் அதிகம், கலோரியும் அதிகம். அடர்த்தியின் வேலை மி.லி.யைக் கிராமாக மாற்றுவது மட்டும். அந்தக் கிராமில் எத்தனை கலோரி என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கோப்பையா, தராசா?

உங்கள் கோப்பையை வைத்தே காலம் தள்ளலாம். ஆனால் அந்தக் கோட்டை நம்பலாமா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தராசு ஒன்றை இரவல் வாங்கியாவது இதைச் செய்யலாம். காலிக் கோப்பையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். 100 மி.லி. கோடு வரை தண்ணீர் ஊற்றுங்கள். கண் கோட்டின் மட்டத்துக்கு இருக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் ஏமாற்றும். 100 கிராமை ஒட்டி வந்தால் கோப்பை நல்ல கோப்பை. 97 வந்தது என்று வைத்துக்கொள்வோம், கோடு 3 மி.லி. கீழே போட்டிருக்கிறது. இப்போது தண்ணீரைக் கொட்டி நன்றாகத் துடைத்துவிட்டு அதே கோடு வரை எண்ணெய் ஊற்றி நிறுங்கள். 89 கிராம் வந்தால், 89-ஐ 97 ஆல் வகுங்கள்: 0.918. கோப்பை தப்பாக இருந்தாலும் எண்ணெயின் அடர்த்தி சரியாக வந்துவிடும், ஏனென்றால் இரண்டு தடவையும் ஒரே தப்பு. 89-ஐ நேராக 100 ஆல் வகுத்து 0.89 என்று எழுதிக்கொள்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். எண்ணெய்க்கு 0.90-க்குக் கீழே ஓர் எண் வந்தால், எண்ணெயைச் சந்தேகப்படும் முன் கோப்பையைச் சந்தேகப்படுங்கள்.

கரண்டியில் அளந்தால் பிழை இதை விடப் பெரிது. அளவுக்கென்றே செய்த டேபிள்ஸ்பூன் 15 மி.லி., அதில் எண்ணெய் 13.8 கிராம் பிடிக்கும். சாப்பாட்டு மேசையில் கிடக்கும் ஸ்பூனுக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை, தலை தட்டி ஊற்றுவதற்கும் வழிய வழிய ஊற்றுவதற்கும் நடுவிலேயே பல கிராம் போய்விடும். அங்கே 0.91-ஆ 0.92-ஆ என்று பார்த்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. 40 மி.லி.யில் அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4 கலோரி கூட இல்லை.

நான் உங்களுக்குச் சொல்லும் வழி வேறு. எண்ணெய்க்கு அடர்த்தியே தேவைப்படாத முறை ஒன்று இருக்கிறது. சமைக்கத் தொடங்குமுன் எண்ணெய் பாட்டிலை அப்படியே தராசில் வையுங்கள். 742 கிராம் என்று காட்டினால் எழுதிக்கொள்ளுங்கள். சமைத்து முடித்ததும் திரும்ப வையுங்கள், 705. போனது 37 கிராம். கோப்பையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் எண்ணெய், ஸ்பூன் வழிந்தது எதுவும் கணக்கைக் கெடுக்காது. லேபிளும் 100 கிராமுக்கு என்பதால் நேராக 9 ஆல் பெருக்கினால் முடிந்தது. பொரித்தால் மட்டும் சட்டியில் மிஞ்சியதை ஆறவைத்து நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். அந்தக் கழிவு கொஞ்சம் தோராயமாகத்தான் இருக்கும், மிஞ்சிய எண்ணெயில் துகள்கள் கலந்திருக்கும்.

தராசு வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நிறைய டிஜிட்டல் தராசுகளில் மி.லி. காட்டும் பொத்தான் ஒன்று இருக்கும். அந்தப் பொத்தானை வைத்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. தராசுக்கு எடை மட்டும்தான் தெரியும், கோப்பையில் இருப்பது எண்ணெயா தண்ணீரா என்று அதற்குத் தெரியாது. மி.லி. என்று போட்டால் அது தண்ணீர் என்று வைத்துக்கொண்டு கிராம் எண்ணையே மி.லி. என்று பெயர் மாற்றிக் காட்டும். சிலவற்றில் பாலுக்கென்று தனியாக ஒன்று இருக்கும், அது 1.03 ஆல் வகுத்துக் காட்டும். எண்ணெயை வைத்து மி.லி. முறையில் 40 என்று காட்டினால் அது 40 கிராம், 40 மி.லி. இல்லை. அதை நம்பி 0.92 ஆல் பெருக்கினால் 331 கலோரி என்று எழுதுவீர்கள், உள்ளே போவது 360. கிராமுக்கும் மி.லி.க்கும் மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள். எண் அசையவே இல்லை என்றால் அது தண்ணீர்க் கணக்கு. அந்தப் பொத்தானை மறந்துவிட்டுக் கிராமிலேயே வைத்திருங்கள்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய் சூடானால் விரியும், அடர்த்தி குறையும். அறை வெப்பத்தில் ஓர் இருபது டிகிரி ஏறினால் ஒன்றரை சதவீதம் மாதிரி மாறும், அதை விட்டுவிடலாம். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியிலிருந்து மி.லி.யில் அளக்காதீர்கள், அங்கே பத்து சதவீதம் வரை கூட ஏமாற்றும். குளிரில் உறையும் எண்ணெயை ஸ்பூனால் சுரண்டி மி.லி. சொல்வதும் வேண்டாம், நடுவில் காற்று இருக்கும். எடைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பாலைக் காய்ச்சுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். சுண்டும்போது தண்ணீர்தான் போகிறது, கலோரி அங்கேயே இருக்கிறது. 500 மி.லி. 450 ஆகிவிட்டால் 450-க்குக் கணக்கு எழுதக் கூடாது.

டாக்டர் எழுதிய 30 கிராம்

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். வகுக்க வேண்டிய இடம் இங்கேதான் வருகிறது. கிராம் தெரியும், மி.லி. வேண்டும் என்றால் அடர்த்தியால் வகுக்க வேண்டும். 30-ஐ 0.92 ஆல் வகுத்தால் 32.6 மி.லி. அளவு ஸ்பூன்கள் இருந்தால் இரண்டு டேபிள்ஸ்பூனும் அரை டீஸ்பூனும், மொத்தம் 32.5 மி.லி. கோப்பையில் 30 மி.லி. ஊற்றினால் 27.6 கிராம்தான் போகும். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை, ஆனால் அவர் கேட்டதை விடக் குறைவு. இப்போது போகும் 40 மி.லி. என்பது 36.8 கிராம் என்று பார்த்தோம். ஆகவே குறைக்க வேண்டியது 6.8 கிராம், 61 கலோரி. 40-இலிருந்து 30-க்கு என்று பார்த்தால் 90 கலோரி குறைவதாகத் தோன்றியிருக்கும். எடை ஏன் கணக்குப்படி இறங்கவில்லை என்று பிறகு யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

எடை குறைப்பதற்கு இந்த அளவு துல்லியம் போதும். வலிப்பு நோய்க்காகக் கொழுப்பு மிகுந்த உணவு முறையில் வைக்கப்பட்ட குழந்தைகள், குழாய் வழியாக உணவு எடுப்பவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இது போதாது. அவர்களுக்கு எண்ணெயைக் கிராமில் நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும், கோப்பையும் ஸ்பூனும் அங்கே கூடாது. அளவை மாற்றுவதாக இருந்தாலும் சிகிச்சை தரும் குழுவைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

டாக்டரிடம் அடுத்த தடவை போகும்போது இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எழுதிய 30, உண்மையாகவே கிராம்தானா, இல்லை மி.லி. என்ற நினைப்பில் எழுதியதா? எழுதும் அவசரத்தில் இரண்டும் மாறிவிடுவதுண்டு, கேட்பதில் தப்பில்லை. இரண்டாவது, அந்த 30 சமையல் எண்ணெய்க்கு மட்டுமா, வெண்ணெய் மாதிரி மேலே தடவிக்கொள்வதும் அதற்குள் அடங்குமா? அடங்கும் என்றால் வெண்ணெயை ஸ்பூனில் அளக்காமல் நிறுத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்தில் நான்கு பங்குதான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். 10 கிராம் வெண்ணெய்க்கு 8 கிராம் எண்ணெயைக் குறைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். பதில் தெரியும் வரை கோப்பையில் 32 மி.லி. கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், பாலை அப்படியே 320 கலோரி என்று எழுதிக்கொள்ளுங்கள்.